பூச்சியம் என்றால் கேற் விழ வேண்டும்

கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி நோக்கிப் போகும் கரையோரப் புகையிரதப் பாதை, கொம்பனித்தெருவில் நெரிசலான வீதிகளைக் குறுக்கறுக்கிறது. மேம்பாலங்கள் எழும்புவதற்கு முன்பு, ஜஸ்டிஸ் அக்பர் மாவத்தையிலும் உத்தரானந்த மாவத்தையிலும் கேற் திறக்கும்வரை வாகனங்கள் வரிசையாகக் காத்துநிற்பது அன்றாடக் காட்சி. இரட்டைத் தண்டவாளம் என்பதால் ஒரு ரயில் போய் முடிந்ததும் கேற் திறக்கும் என்று நம்பிவிட முடியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்தது வந்துகொண்டிருக்கலாம்.

இப்படியொரு கடவையின் மாதிரியை மேசைமீது அமைத்து, அதை 8085 நுண்செயலியால் இயக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான கடவைகளைப் புகையிரதத் திணைக்களம் தனக்கென்றுள்ள பாதுகாப்பு முறைகளின்படி இயக்குகிறது. நாம் செய்யப்போவது கற்றலுக்கான மாதிரி மட்டுமே. ஆனால் இன்டெல் 8255 என்ற சில்லை உள்ளும் புறமும் விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான வேலை கிடைப்பது அரிது. ஏனென்றால், அந்தச் சில்லுக்கு ஒரு கட்டளை எழுதும் கணத்தில் அதன் வெளியீடுகள் என்ன ஆகின்றன என்பது இங்கே வெறும் பாடநூல் விவரம் அல்ல. அது கேற்றைத் தூக்கவும் செய்யும், விழுத்தவும் செய்யும்.

முதலில் தேவைகளைக் கணக்கிடுவோம். ஒவ்வொரு தண்டவாளத்திலும் கடவையை அணுகும் பகுதி ஒன்று, கடவை அமைந்த பகுதி ஒன்று என மொத்தம் நான்கு பகுதிகளில் ரயில் இருக்கிறதா என்று அறிய வேண்டும். கேற் முழுதாக இறங்கியதா, முழுதாக ஏறியதா என்று சொல்ல இரண்டு ஆளிகள் வேண்டும். கேற், சிவப்பு விளக்கு, மணி ஆகிய மூன்றையும் இயக்க மூன்று வெளியீடுகள் வேண்டும். எந்தப் பகுதியில் ரயில் இருக்கிறது என்று காவலருக்குக் காட்டும் சிறு விளக்குப் பலகைக்கு மேலும் சில. 8085இடம் நேரடியாக வெளியுலகோடு பேச இருப்பவை, ஒரு பிட்டை உள்ளே எடுக்கும் ஒரு காலும் ஒரு பிட்டை வெளியே அனுப்பும் ஒரு காலும்தான். மற்றதெல்லாம் அதன் தரவுப் பாட்டையில் வேறு சில்லுகளைத் தொங்கவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் 8255 வருகிறது. நாற்பது கால்கள் கொண்ட இந்தச் சில்லின் இருபத்துநான்கு கால்கள் வெளியுலகுக்கானவை. அவை ஏ, பி, சி என்று எட்டு எட்டுக் கால்களாக மூன்று போர்ட்களாகப் பிரிந்திருக்கின்றன. சி போர்ட் மட்டும் மேல் நான்கு, கீழ் நான்கு என்று இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை உள்ளீடாகவும் மறு பாதியை வெளியீடாகவும் வைத்துக்கொள்ளலாம். நுண்செயலியின் முகவரிக் கம்பிகளில் கடைசி இரண்டும் நேரே சில்லுக்குள் போகின்றன. எஞ்சிய ஆறையும் பிரித்தறிந்து சில்லைத் தட்டியெழுப்பும் சுற்றை நாம் 80H இல் தொடங்கும்படி அமைத்தால், ஏ போர்ட் 80H, பி போர்ட் 81H, சி போர்ட் 82H ஆகும். நான்காவதான 83H எந்தக் கம்பியோடும் இணைந்ததல்ல. அதுதான் கட்டுப்பாட்டுப் பதிவகம். மற்ற மூன்றும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அங்கே எழுதும் ஒரு பைட் முடிவுசெய்கிறது.

நம் மாதிரியில் நான்கு தண்டவாளப் பகுதிகளும் ஏ போர்ட்டின் முதல் நான்கு கால்களுக்கு வருகின்றன. காவலரின் விளக்குப் பலகை பி போர்ட்டில். கேற், சிவப்பு விளக்கு, மணி மூன்றும் முறையே சி போர்ட்டின் 0, 1, 2 ஆகிய கால்களில். கேற்றின் இரு ஆளிகளும் அதே போர்ட்டின் 6ஆம், 7ஆம் கால்களில். 6 கீழே இறங்கியதைச் சொல்லும், 7 மேலே ஏறியதைச் சொல்லும். 4, 5 ஆகிய கால்களை வேண்டுமென்றே வெறுமையாக விடுகிறோம். காரணம் பின்னால் தெரியவரும்.

இப்போது கட்டுப்பாட்டுச் சொல்லை எழுதலாம். அதை இடப்பக்கத்திலிருந்து, அதாவது 7ஆம் பிட்டிலிருந்து படிக்க வேண்டும். 7ஆம் பிட் 1 என்றால் 'இது போர்ட்களின் முறையை அமைக்கும் சொல்' என்று பொருள். 6, 5 ஆகிய இரண்டும் ஏ போர்ட்டின் முறையைச் சொல்கின்றன. நமக்குத் தேவை எளிய முறை 0, எனவே 00. 4ஆம் பிட் ஏ போர்ட்டின் திசை. 1 என்றால் உள்ளீடு, 0 என்றால் வெளியீடு. ரயிலைப் பார்க்க வேண்டியதால் இங்கே 1. 3ஆம் பிட் சி போர்ட்டின் மேல் பாதியின் திசை. அங்கே ஆளிகள் இருப்பதால் அதுவும் 1. 2ஆம் பிட் பி போர்ட்டின் முறை, 0. 1ஆம் பிட் பி போர்ட்டின் திசை. விளக்குப் பலகை என்பதால் வெளியீடு, 0. கடைசியான 0ஆம் பிட் சி போர்ட்டின் கீழ்ப் பாதி; கேற்றும் விளக்கும் மணியும் அங்கே என்பதால் 0.

எல்லாவற்றையும் சேர்த்தால்:

```
1 00 1 1 0 0 0  =  1001 1000  =  98H

MVI A,98H
OUT 83H
```

இதே முறையில் இன்னொரு சொல்லைப் படித்துப் பார்க்கலாம். 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. கணினியின் தாய்ப்பலகையிலும் ஒரு 8255 இருந்தது. அதன் தொடக்க நிரல் அந்தச் சில்லுக்கு எழுதிய சொல் 99H, அதாவது 1001 1001. நம்முடையதிலிருந்து கடைசி பிட் ஒன்றுதான் வேறு: ஏ உள்ளீடு, பி வெளியீடு, சி முழுவதும் உள்ளீடு. விசைப்பலகையில் அழுத்திய விசையின் குறியீடு ஏ போர்ட் வழியாக வந்தது. ஒலிபெருக்கியை பி போர்ட்டின் பிட்கள் கட்டுப்படுத்தின. தாய்ப்பலகையில் இருந்த சிறு ஆளிகளில் ஒரு பகுதியின் நிலை சி போர்ட் வழியாகப் படிக்கப்பட்டது. ஒரு பைட்டைப் பார்த்தே ஒரு கருவியின் எந்தப் பக்கம் கேட்கிறது, எந்தப் பக்கம் பேசுகிறது என்று சொல்லிவிடலாம்.

நம் கடவைக்குத் திரும்புவோம். 98H எழுதப்படும் கணத்தில் போர்ட்களின் திசை அமைவதோடு இன்னொன்றும் நடக்கிறது. முறை அமைக்கும் சொல் வந்ததும் 8255 தன் வெளியீட்டுப் பதிவகங்கள் அனைத்தையும் பூச்சியமாக்கிவிடுகிறது. அதற்கு முன், மின் கொடுத்து மீளமைப்புச் சைகை வந்த நேரத்தில், இருபத்துநான்கு கால்களும் உள்ளீடுகளாக மாறி மிதந்துகொண்டிருக்கும். எந்தக் காலும் எதையும் இயக்காது. ஆக, இயந்திரம் உயிர்பெறும்போது முதலில் ஒரு மிதக்கும் கணம், பிறகு ஒரு பூச்சியக் கணம். இவ்விரண்டும் நம் நிரல் சிந்திக்கத் தொடங்குவதற்கு முன்பே கடந்துபோகின்றன.

பழக்கத்தில் நாம் என்ன செய்வோம்? 1 என்றால் சிவப்பு விளக்கு எரியட்டும், 1 என்றால் கேற் இறங்கட்டும் என்று அமைப்போம். அப்படி அமைத்தால் மின் வந்த கணத்திலும் முறை எழுதிய கணத்திலும் கேற் திறந்திருக்கும், சிவப்பு அணைந்திருக்கும், மணி மௌனமாயிருக்கும். தண்டவாளத்தில் ரயில் வந்துகொண்டிருந்தாலும் வீதிக்கு அது தெரியாது. ஆகவே அர்த்தத்தைத் தலைகீழாக்குகிறோம். கேற் தன் பாரத்தாலேயே இறங்கும். அதை உயர்த்தித் தாங்கி வைத்திருக்கத்தான் மின் வேண்டும். சிவப்பு விளக்கும் மணியும் ரிலேயின் வழமையாக மூடியிருக்கும் தொடுகைகள் வழியாக ஒரு மின்கலத் தொகுதியிலிருந்து இயங்கும். அவற்றை அணைக்கத்தான் ரிலேக்கு மின் கொடுக்க வேண்டும். இப்போது சி போர்ட்டின் 0, 1, 2 ஆகிய மூன்றும் 1 ஆனால்தான் வீதி திறக்கும். பூச்சியம் என்றால் கேற் கீழே, சிவப்பு எரியும், மணி ஒலிக்கும். கால்கள் மிதந்தாலும், சில்லு செத்தாலும், மின் போனாலும் முடிவு அதுவே.

உள்ளீட்டுப் பக்கத்திலும் இதே ஒழுங்கு வேண்டும். ரயில்வேக்களில் நீண்ட காலமாகப் புழங்கும் தடச்சுற்று என்ற ஏற்பாட்டைப் பின்பற்றலாம். தண்டவாளத்தின் ஒரு பகுதியில் சிறு மின்னோட்டத்தை ஓடவிட்டு, ரயிலின் சக்கரங்கள் இரு தண்டவாளங்களையும் குறுக்காக இணைக்கும்போது அந்த ஓட்டம் ரிலேயை அடையாமல் போவதை வைத்து ரயிலைக் கண்டுபிடிக்கும் முறை அது. நம் மாதிரியில், ரயில் இல்லாதபோது ரிலேயின் தொடுகை ஏ போர்ட்டின் காலைப் பூச்சியத்துக்கு இழுத்துவைத்திருக்கும். 10 கிலோஓம் தடையி ஒன்று அதே காலை 5 வோல்ட்டை நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும். ரயில் வந்தால் தொடுகை விடும், கால் 1 ஆகும். கம்பி அறுந்தாலும் கால் 1 ஆகும். அறுந்த கம்பி நிரலுக்கு ரயிலாகவே தெரியும். கேற் தேவையின்றி மூடியிருக்கும், ஆனால் தேவைப்படும்போது திறந்திருக்காது.

8255இன் கால்களால் நேரே ரிலேயை இயக்க முடியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய 8255ஏ சில்லின் ஒரு போர்ட் கால் பூச்சிய நிலையில் உறுதியாக உள்வாங்கக்கூடியது 1.7 மில்லிஆம்பியர்தான். சிறிய ரிலே ஒன்றுக்கே அதைப் போலப் பல மடங்கு வேண்டும். எனவே இடையில் டார்லிங்டன் திரான்சிற்றர் தொகுதியான யு.எல்.என்.2003 போன்ற ஒன்றை வைக்கிறோம். அதன் உள்ளீடு மிதந்தால் அதன் வெளியீடு அணைந்தே இருக்கும் என்பதும் நம் நோக்கத்துக்கு உதவுகிறது.

இனி வீதியைத் திறப்பது, மூடுவது. இதற்கு 8255 தரும் இரண்டாவது வகைக் கட்டளை பயன்படும். அதே 83H முகவரிக்கு எழுதும் பைட்டின் 7ஆம் பிட் 0 என்றால், அது முறை அமைக்கும் சொல்லாகாது. சி போர்ட்டின் ஒரே ஒரு காலை மட்டும் 1 ஆக்கவோ 0 ஆக்கவோ சொல்லும் கட்டளையாகும். 3, 2, 1 ஆகிய பிட்கள் எந்தக் கால் என்று சொல்லும். 0ஆம் பிட் அந்தக் கால் பெற வேண்டிய மதிப்பு. இந்தக் கட்டளை மற்றக் கால்களைத் தொடாது, முறையையும் மாற்றாது. கேற்றுக்கு 01H என்றால் தூக்கு, 00H என்றால் விடு. சிவப்புக்கு 03H என்றால் அணை, 02H என்றால் எரி. மணிக்கு 05H என்றால் நிறுத்து, 04H என்றால் ஒலி.

ரயில் இல்லாதபோது திறக்கும் பகுதி இப்படி இருக்கும்:

```
      MVI A,01H
      OUT 83H
UP:   IN  82H
      ANI 80H
      JZ  UP
      MVI A,05H
      OUT 83H
      MVI A,03H
      OUT 83H
```

முதலில் கேற்றைத் தூக்குகிறோம். சி போர்ட்டின் 7ஆம் காலில் இருக்கும் ஆளி 1 ஆகும்வரை, அதாவது கேற் முழுதாக ஏறும்வரை காத்திருக்கிறோம். அதன் பிறகே மணியை நிறுத்திச் சிவப்பை அணைக்கிறோம். முழுமையான நிரலில் இந்தக் காத்திருப்புச் சுழலுக்குள்ளும் ஏ போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கேற் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்திலும் எதிர்ப்பாதையில் ரயில் வரலாம்.

திறந்த பின் நிரல் ரயிலை எதிர்பார்த்து நிற்கிறது:

```
WAIT: IN  80H
      ANI 0FH
      JZ  WAIT
      MVI A,02H
      OUT 83H
      MVI A,04H
      OUT 83H
      CALL DELAY
      MVI A,00H
      OUT 83H
```

நான்கு பகுதிகளில் எதில் ரயில் வந்தாலும் `ANI 0FH` பூச்சியமல்லாத விடையைத் தரும். இரட்டைத் தண்டவாளத்தின் சிக்கல் இந்த ஒரு வரியிலேயே தீர்கிறது. சிவப்பு எரிந்து மணி ஒலித்த பின், வீதியில் ஏற்கெனவே கடந்துகொண்டிருப்பவர்கள் விலக அவகாசம் கொடுத்து, அதன் பிறகுதான் கேற் இறங்குகிறது.

இங்கே பிழைவிடக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, முறை அமைக்கும் சொல்லை நிரலின் நடுவில் மறுபடி எழுதுவது. ஏதோ பாதுகாப்புக்காகத் தொடக்கப் பகுதியை மீண்டும் அழைத்தால், அதே 98H என்றாலும் எல்லா வெளியீடும் பூச்சியமாகும். ரயிலைப் பொறுத்தவரை அது பாதுகாப்பான நிலைதான். ஆனால் மணியின் முன்னறிவிப்பும் அவகாசமும் இல்லாமல் கேற் கீழே நிற்கும் வாகனத்தின்மீது விழும். ஆகவே அந்தச் சொல் தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும்.

இரண்டாவது, அந்தச் சொல்லின் 7ஆம் பிட்டை மறப்பது. 98H எழுத வேண்டிய இடத்தில் 18H எழுதினால் சில்லு அதைத் தனிக்கால் கட்டளையாக எடுத்துக்கொள்ளும்: '4ஆம் காலைப் பூச்சியமாக்கு'. போர்ட்கள் எல்லாம் மீளமைப்பின்போது இருந்தபடி உள்ளீடுகளாகவே தொடரும். வீதி ஒருபோதும் திறக்காது. மீற்றரால் சி போர்ட்டின் எதனோடும் இணையாத 3ஆம் காலை அளந்தால் உறுதியான 0உம் இல்லை, உறுதியான 1உம் இல்லை, அங்குமிங்கும் அலையும் மதிப்புத்தான் தெரியும். அலையும் மதிப்பைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது கட்டுப்பாட்டுச் சொல்லை.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. தனிக்கால் கட்டளை சி போர்ட்டைப் பற்றியது என்பதால், அதை சி போர்ட்டின் முகவரியான 82Hக்கே எழுதிவிடுவது மிக இயல்பான தவறு. 'சிவப்பை எரி' என்ற 02H கட்டளையை 82Hக்கு எழுதினால் என்ன ஆகும்? அது இப்போது கட்டளையல்ல, வெறும் தரவு: 0000 0010. 1ஆம் கால் 1 ஆகிறது, சிவப்பு அணைகிறது. கூடவே 0ஆம் கால் பூச்சியமாகிக் கேற் விழுகிறது. நாம் கேட்டதற்கு நேர் எதிரானது விளக்கில் நடக்கிறது. விளக்கு சொன்னதற்கு மாறாக நடந்தால் திரான்சிற்றரையும் ரிலேயையும் கழற்றுவதற்கு முன், `OUT`க்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்ததெல்லாம் முறை 0. வெளியீட்டில் எழுதியது அப்படியே நிற்கும். உள்ளீட்டில் எதுவும் பிடித்துவைக்கப்படாது, `IN` நடக்கும் கணத்தில் காலில் என்ன இருக்கிறதோ அதுவே கிடைக்கும். தடச்சுற்றுக்கு இது போதும், ஏனென்றால் ரயில் அந்தப் பகுதியில் இருக்கும்வரை சைகையும் இருக்கிறது. தடச்சுற்றுக்குப் பதிலாக, சக்கரம் கடக்கும்போது மட்டும் ஒரு துடிப்பைத் தரும் உணரிகளை வைத்தால் நிலைமை மாறுகிறது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ரயிலின் சக்கரம் 10 சென்ரிமீற்றர் நீளமான உணரியை ஏறத்தாழ 9 மில்லிசெக்கனில் கடந்துவிடும். நம் `WAIT` சுழலுக்கு இது நீண்ட நேரம்: 6.144 மெகாஹேட்ஸ் பளிங்கோடு ஓடும் 8085இல் அந்த மூன்று கட்டளைகளும் 27 கடிகார நிலைகள், அதாவது சுமார் 9 மைக்ரோசெக்கன். ஒரு சக்கரம் கடப்பதற்குள் ஆயிரம் தடவை பார்த்துவிடும். ஆபத்து `DELAY`யில்தான். நிரல் அங்கே சில செக்கன்கள் கண்மூடியிருக்கும்போது வந்த துடிப்புகள் சுவடில்லாமல் போய்விடும்.

முறை 1 இதற்கான விடை. சாதாரணத் தபாலுக்கும் பதிவுத் தபாலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முறை 0உக்கும் முறை 1உக்கும் உள்ளது. ஏ போர்ட்டை முறை 1இல் உள்ளீடாக வைத்தால் சி போர்ட்டின் மூன்று கால்கள் அதன் பணியாளர்களாகின்றன. 4ஆம் கால் ஸ்ட்ரோப்: உணரி இதைத் தாழ்த்தும்போது ஏ போர்ட்டில் இருப்பதை 8255 உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். 5ஆம் கால் 'நிரம்பியிருக்கிறேன், இன்னும் படிக்கப்படவில்லை' என்று உணரிக்குச் சொல்லும். 3ஆம் கால் நுண்செயலியை இடைமறிக்கும். அதை 8085இன் ஆர்.எஸ்.டி. 7.5 காலுக்கு இணைக்கலாம். நிரல் `IN 80H` செய்ததும் நிரம்பிய அடையாளம் நீங்கும்.

4ஐயும் 5ஐயும் நாம் வெறுமையாக விட்டது இதற்காகத்தான். கேற்றின் ஆளிகள் 6இலும் 7இலும் இருப்பதால் கம்பி எதையும் மாற்றாமலே முறை 1க்குப் போய்விடலாம். சொல்லில் மாறுவது ஏ போர்ட்டின் முறையைச் சொல்லும் இரண்டு பிட்கள் மட்டும்; 00 என்பது 01 ஆகிறது:

```
1 01 1 1 0 0 0  =  1011 1000  =  B8H

MVI A,B8H
OUT 83H
MVI A,09H
OUT 83H
```

நிரலாக்கக் கருவிகள் பலவற்றில் எண் எழுத்தில் தொடங்கக்கூடாது என்பதால் அங்கே `0B8H` என்று எழுத வேண்டியிருக்கும். இரண்டாவதாக எழுதிய 09H ஒரு தனிக்கால் கட்டளை: 4ஆம் பிட்டை 1 ஆக்கு. முறை 1இல் அது காலை மாற்றாது. இடைமறிப்புக்கு அனுமதி கொடுக்கும் உள் ஆளியைத்தான் போடுகிறது. இதை மறந்தால் ஸ்ட்ரோப் வரும், 5ஆம் கால் உயரும், ஆனால் 3ஆம் கால் அசையாது. நிரல் தூங்கிக்கொண்டே இருக்கும். 5 உயர்ந்தும் 3 உயராமலிருந்தால் காரணம் இதுதான்.

முறை 1க்கும் ஓர் எல்லை உண்டு. 5ஆம் காலின் 'நிரம்பியிருக்கிறேன்' என்ற அறிவிப்பைக் கேட்டு நிற்கும் கருவிகளுக்காக இந்த முறை வகுக்கப்பட்டது. அச்சுக்கருவியும் விசைப்பலகையும் காத்திருக்கும். ரயில் சக்கரம் காத்திருக்காது. முதல் துடிப்பை நிரல் படிப்பதற்குள் இரண்டாவது வந்தால் அது முதலாவதன்மேல் எழுதிவிடும். எனவே இடைமறிப்பு வந்ததும் உடனே படித்து ஒரு நினைவக இடத்தில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுத் திரும்ப வேண்டும்; கேற்றைப் பற்றிய முடிவுகளை முதன்மை நிரலுக்கு விட்டுவிட வேண்டும்.

முறை 2 ஏ போர்ட்டுக்கு மட்டும் உரியது. அதே எட்டுக் கம்பிகளில் தரவு இரு திசையிலும் போய்வர, சி போர்ட்டின் 3 முதல் 7 வரையான ஐந்து கால்களும் அதற்குக் காவல் நிற்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு நுண்செயலிகள் தமக்குள் பேச இது ஏற்றது. அக்பர் மாவத்தைக்கும் உத்தரானந்த மாவத்தைக்கும் இடையே கம்பி இழுத்து இரு கடவைகளையும் இப்படிப் பேசவைக்க முடியாது. இந்தக் கால்களின் சைகை அவ்வளவு தூரத்துக்கானதல்ல. நம் ஆளிகள் இருக்கும் 6ஐயும் 7ஐயும் அது எடுத்துக்கொள்ளும் என்பதாலும் இந்த மாதிரிக்கு அது பொருந்தாது.

ஆகவே 8255ஐக் கொண்டு எதையாவது இயக்கப் போகிறவர் எழுத வேண்டிய முதல் வரி கட்டுப்பாட்டுச் சொல் அல்ல. ஒரு தாளில் ஒவ்வொரு வெளியீட்டுக் காலுக்கும் நேரே, அது பூச்சியமானால் வெளியே என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் ஆபத்தான ஒரு வரி இருந்தால்கூட, நிரலைத் தொடுவதற்கு முன் ரிலேயின் கம்பியை மாற்ற வேண்டும். நிரலின் முதல் கட்டளை ஓடுவதற்கு முன்பே சில்லு தன் கால்களை விட்டுவிடுகிறது, அந்த இடைவெளியை எந்த நிரலாலும் எட்ட முடியாது.